தூள் படிந்த அடுக்களை

தீயணைப்புக் கருவியை எவ்வாறு பிடிப்பது, எந்த ஊசியைப் பிடுங்குவது, குழாயை எப்பக்கம் நீட்டுவது என்பனவற்றையெல்லாம் படமாக எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். மும்பையில் அடுக்குமாடிக் கட்டடங்களில் படியேறி இறங்கும் நம்மவர் பலரும் அப்படத்தை நாள்தோறும் காண்கிறோம். ஆனால் கருவியை இயக்கி, தீயும் அணைந்துவிட்டபின், அவ்வீட்டார் செய்ய வேண்டுவது யாது என்பது அப்படத்தில் இல்லை. தீ அணைந்ததும் வேலை முடிந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அப்பொழுது இரண்டு வேலைகள் எஞ்சி நிற்கின்றன. வீடெங்கும் படிந்துவிட்ட தூளை அகற்றுவது ஒன்று. வெறுமையாகிப்போன கருவியை மீண்டும் நிரப்பி, மாட்டிய இடத்தில் மாட்டுவது மற்றொன்று. இவ்விரண்டையும் செய்து பார்த்த குடும்பத்தார் என்ற முறையில், நாங்கள் அறிந்தவற்றை நம் ஏட்டின் வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

சயான் பகுதியில் ஓர் ஏழடுக்குக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம். இட்லி மாவு அரைத்துப் பொட்டலமாகக் கட்டிக் கடைகளுக்குக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. இரண்டு பெரிய கிரைண்டர்களும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் எங்கள் அடுக்களையில்தான் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மழை விடாது பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கிரைண்டர் ஒன்றின் மின்செருகி சூடேறிப் பற்றிக்கொண்டது. செருகிப் பலகையும் அதன்மேல் இருந்த மரத்தட்டின் விளிம்பும் எரிந்தன. முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு, மாடிப்படி முகப்பில் எங்கள் மாடியின் ஆறு குடும்பத்தாரும் சேர்ந்து வாங்கி மாட்டியிருந்த 4 கிலோ உலர்தூள் கருவியை எடுத்து வந்து, நான்கைந்து விநாடி இயக்கினோம். தீ அடங்கியது. தூள் தீயை அமுக்குமேயன்றிப் பொருளைக் குளிர்விக்காது. ஆதலால் மரத்தட்டு மீண்டும் கனன்று எழுமோ என்று அரைமணி நேரம் ஒருவர் அருகிலேயே நின்று பார்த்தோம். எழவில்லை.

அதன்பின் விளக்கடித்துப் பார்த்தபோது, அடுக்களை முழுவதும் வெளிர்மஞ்சள் நிறத்தில் பனி பெய்தாற்போல் இருந்தது. கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, அரிசி மூட்டைகள், அடுப்பு, பூசைமாடத்துக் குத்துவிளக்கு, எதுவும் தப்பவில்லை. அடுத்த அறையில் கொடியில் கிடந்த துணியின்மேலும் படிந்திருந்தது. முகப்பவுடரைப் போன்ற நுண்ணிய தூள் அது. கதவிடுக்கு ஒன்று போதும் அதற்கு.

அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், உதவும் எண்ணத்தோடு ஒரு வாளி நீரைக் கொணர்ந்து ஊற்றப் போனார். அதே நேரம், கீழ்மாடியில் குடியிருக்கும் அண்ணாச்சி படியேறி வந்தார். இவர் ஒரு தொழிற்சாலையின் தீத்தடுப்புப் பிரிவில் முப்பதாண்டுக் காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வாசலில் நின்றபடியே, "தண்ணிய ஊத்தாதீய மதினி! ஊத்தினா களியாப் போயிரும். அப்புறம் அந்தக் கிரைண்டர இரும்புக் கடைக்குத்தான் தூக்கிக் கொடுக்கணும்" என்று சத்தமிட்டார். வாளி தரையில் வைக்கப்பட்டது.

நீரை ஏன் ஊற்றலாகாது என்பதை அண்ணாச்சி அன்றிரவே எங்களுக்கு விளக்கினார். வீடுகளிலும் அலுவலகங்களிலும் மாட்டப்பெறும் ஏ.பி.சி. என்னும் வகைக் கருவியில் இருப்பது பெரும்பாலும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டு என்னும் உப்பு. அதனோடு அம்மோனியம் சல்பேட்டும் சேர்ந்திருக்கும். ஈரம் பற்றிக் கட்டியாகாமலிருக்க அத்தூளின்மேல் சிலிகோன் பூசியிருப்பார்கள். அதனால்தான் முதலில் நீர் அதன்மேல் முத்து முத்தாய் உருண்டோடும். ஆனால் தூள் மெல்லிய படலமாய்ப் பரவி, மழைக்காலத்து ஈரக்காற்றில் கிடந்தால், மெல்ல மெல்ல ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் பட்ட பாஸ்பேட்டு புளிப்புத் தன்மை கொண்டது. அலுமினியம், செம்பு, பித்தளை ஆகியவற்றை அரிக்கத் தொடங்கும். மின்கருவியின் உள்ளே அந்த ஈரத்தூள் புகுந்தால், மின்சாரம் கடக்கக் கூடாத இடத்தில் கடக்கும் வழியாகவும் அமையும். உலர்ந்த தூளால் அன்றைக்கே பெருந்தீங்கு இல்லை. நனைந்த தூள் நாளாக நாளாகத் தின்றுகொண்டே போகும். ஆகவே முதலில் உலர்ந்த முறையில் இயன்ற அளவு முழுவதையும் எடுத்துவிட்டு, அதன்பிறகே ஈரத்துணியைத் தொட வேண்டும். அதுவும் ஓரிரு நாட்களுக்குள் நடக்க வேண்டும். மும்பையின் ஜூலை மாதத்தில் வாரக்கணக்கில் தள்ளிப்போடுவது இயந்திரத்தைக் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

தொடங்குமுன் கருவியின்மேல் ஒட்டியுள்ள சீட்டைப் படிக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் முதற்கட்டளை. ஏனெனில் எல்லாத் தூளும் ஒன்றன்று. பி.சி. வகைக் கருவிகள் சிலவற்றில் சோடியம் பைகார்பனேட்டு, அதாவது நம் சமையற்சோடா, இருக்கும். அது காரத்தன்மை உடையது. மிச்சமிருக்கும் கறையைச் சிறிது வினிகர் கலந்த நீரால் துடைக்க வேண்டும். எங்களுடையது ஏ.பி.சி.; புளிப்புத் தன்மை உடையது. அதற்கு மாற்று, சமையற்சோடாக் கரைசல். ஒன்றுக்கு உரியதை மற்றொன்றுக்குச் செய்தால் பயனில்லை.

குழந்தைகளையும், ஈளைநோய் உள்ள பாட்டியையும் அன்றிரவு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இத்தூள் நஞ்சு அன்று. எனினும் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும், மூச்சுத் தொல்லை உள்ளவர்களை மிகவும் வருத்தும். சன்னல்களைத் திறந்துவைத்தோம். ஆனால் மின்விசிறியைப் போடவில்லை. போட்டிருந்தால் அடுக்களைத் தூள் வீடு முழுவதற்கும் பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். மிதந்துகொண்டிருந்தது படியும்வரை காத்திருந்து, மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசமும், கண்ணுக்குக் கண்ணாடியும், கையுறையும் அணிந்து உள்ளே சென்றோம்.

வேலையை மேலிருந்து கீழாகச் செய்தோம். முதலில் பரண், பிறகு அலமாரித் தட்டுகள், குளிர்சாதனப் பெட்டியின் தலை, இயந்திரங்கள், கடைசியாகத் தரை. துடைப்பத்தால் வீசிப் பெருக்கினால் தூள் மீண்டும் எழும்பி, பெருக்கிய இடத்திலேயே படியும். வண்ணம் பூசுவோர் வைத்திருக்கும் மெல்லிய அகலத் தூரிகை இரண்டை வாங்கி வந்து, அவற்றால் மெதுவாக முறத்தில் ஒதுக்கி எடுத்தோம். வீட்டில் தூசி உறிஞ்சும் எந்திரம் ஒன்று இருந்தது. அதை எடுக்க வேண்டா என்று அண்ணாச்சி தடுத்துவிட்டார். சாதாரண எந்திரத்தின் வடிகட்டியை இந்த நுண்தூள் ஊடுருவிப் பின்புறமாக வெளியேறும். போகிற போக்கில் அதன் மோட்டாரையும் கெடுக்கும். நுண்தூள் பிடிக்கும் உயர்தர வடிகட்டி உள்ள எந்திரமாயின் பயன்படுத்தலாம்.

இங்கே இரண்டு வகை அழுக்கைக் கண்டோம். காற்றில் பறந்து படிந்த தூள் தூரிகைக்கு எளிதில் வந்தது. ஆனால் எரிந்த செருகியைச் சுற்றியிருந்த சுவரிலும், மரத்தட்டின் கருகிய விளிம்பிலும், பழுப்பு நிறத்தில் கண்ணாடிபோல் ஒரு பூச்சு ஒட்டியிருந்தது. தீயின் சூட்டில் பாஸ்பேட்டு உருகி இவ்வாறு பிசினாகி விடுகிறது. எரியும் மரத்தின்மேல் இப்படி ஒட்டிக்கொண்டு காற்றைத் தடுப்பதுதான் இத்தூளின் சிறப்பு. துப்புரவு செய்வோருக்கோ அதுவே பெருந்தொல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலைச் சம அளவு வெந்நீரோடு கலந்து, மின்சாரமும் அடுப்பும் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, அவ்விடங்களில் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்தோம். சுவரில் பெரும்பகுதி வந்தது. மரத்தட்டை மாற்றிவிட்டோம்.

உலர்ந்த தூளை எடுத்து முடிக்க ஓர் இரவும் மறுநாள் முற்பகலும் ஆயின. எடுத்த தூளை இரட்டைப் பிளாஸ்டிக்குப் பைகளில் கட்டினோம். உரத்திலும் இதே உப்புகள் உண்டு என்று கேள்விப்பட்ட எங்கள் வீட்டுப் பெரியவர், துளசிமாடத்துக்குக் கொஞ்சம் போடலாமே என்றார். சிலிகோனும் நிறப்பொருளும் கலந்த இத்தூளைச் செடிக்கு இட வேண்டா என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். சாக்கடையில் கொட்டுவதும் ஆகாது. கொட்டினால் குழாயின் வளைவில் களியாய் இறுகிக்கொள்ளும். பையின்மேல் இன்னதென்று எழுதி, குப்பை எடுப்பவரிடம் சொல்லியே கொடுத்தோம்.

அதன்பிறகுதான் நீர் அடுக்களைக்குள் வந்தது. சோப்பு கலந்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்தோம். சோப்பு இல்லாத நீர் சிலிகோன் பூசிய தூளோடு கலவாது உருண்டோடும் என்று முன்னரே சொன்னோம் அல்லவா? துணியையும் நீரையும் அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. அடுத்து, ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு தேக்கரண்டி சமையற்சோடாவைக் கரைத்து, உலோகப் பொருள்கள்மேல் தடவினோம். இதிலொரு நன்மை உண்டு. மறைவாகத் தூள் தங்கியிருக்கும் இடத்தில் சோடாக்கரைசல் பட்டால் மெல்லிய நுரை எழும். சிறிது அம்மோனியா நெடியும் வரும். நுரை எழாத வரையில் தடவித் துடைத்து, பின்னர் நல்ல நீரால் கழுவி, உடனே துணியால் ஈரம் போக உலர்த்தினோம். குத்துவிளக்கின் தண்டு திருகிப் பூட்டும் இடத்தில் நான்கு முறை நுரைத்தது. அதைக் கழற்றிக் கழுவாமல் மேலே மட்டும் துலக்கி வைத்திருந்தால், சில திங்களில் அங்கே பச்சைக்களிம்பு ஏறியிருக்கும்.

எரிவாயு அடுப்பின் பித்தளை மூடிகளைக் கழற்றி, துளைகளை உலர்ந்த பல்துலக்கியால் தட்டிய பின்பே கழுவினோம். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்த்தோம். பற்றவைத்தபோது ஒரு பர்னரில் மட்டும் சுடர் மஞ்சளாய் ஆடியது. துளை இன்னும் அடைபட்டிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். மீண்டும் கழற்றித் துலக்கிய பிறகு சுடர் நீலமாயிற்று.

உணவுப் பொருள்களைப் பற்றி எங்களுக்குள் சிறிது வாக்குவாதம் நேர்ந்தது. பிழைப்பே அதுவல்லவா? திறந்திருந்த உளுந்து, ஊறவைத்திருந்த அரிசி, அரைத்த மாவு ஆகியவற்றைத் தயங்காது கொட்டினோம். கட்டவிழ்க்காத அரிசிச் சாக்கு ஒன்று இருந்தது. நெய்த சாக்கின் இழையிடுக்கு வழியே தூள் புகக்கூடும் என்பதால், வீட்டுப் பெண்டிர் அதையும் வேண்டாவென்று தள்ளினர். 26 கிலோ அரிசி. அவர்கள் சொன்னதே சரி என்று கொண்டோம். மூடியிறுகிய எவர்சில்வர் டப்பாக்களை மட்டும் வெளியே துடைத்து, மூடியின் விளிம்பையும் துடைத்த பின்னரே திறந்து, வைத்துக்கொண்டோம். கிரைண்டரின் கருங்கல்லைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு தேங்காய் நாரால் பலமுறை தேய்த்தோம். பின்னாளில் இயந்திரம் ஓடத் தொடங்கியதும், இரண்டு படி அரிசியை வீணுக்கென்றே அரைத்துக் கொட்டிவிட்டுத்தான் விற்பனைக்கு அரைத்தோம்.

இயந்திரம் ஓடியதும் உடனே அன்று. தூள் புகுந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கலாகாது. கிரைண்டர்கள் இரண்டையும் மின்பணியாளர் பிரித்து, உலர்ந்த காற்றை மெல்ல ஊதியும் தூரிகையால் துலக்கியும், மின்தொடர்பு முனைகளை அதற்கென விற்கும் திரவத்தால் கழுவினார். பிறகு மெக்கர் என்னும் கருவியால் மின்காப்பை அளந்து பார்த்தார். ஒரு மோட்டார் தேறியது. தீக்கு அருகில் இருந்ததன் தாங்கிகளில் தூள் புகுந்து, கையால் சுழற்றும்போதே நறநறத்தது. அந்தத் தாங்கிகளை மாற்றினார். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறக் கம்பி வலையையும் அடியிலிருக்கும் விசிறியையும் துலக்கினார். ஐந்து நாள் வருமானம் போயிற்று. ஆனால் இயந்திரம் எதுவும் போகவில்லை. அந்த ஒரு வாளி நீர் மட்டும் சிந்தியிருந்தால் கணக்கு வேறாகியிருக்கும்.

இனிக் கருவியின் கதை. அதனிடத்தில்தான் நாங்கள் பெரிதும் கற்றுக்கொண்டோம்.

பயன்படுத்திய கருவியை, பாதித் தூள் மிச்சமிருக்கிறதே என்று திரும்பவும் கொக்கியில் மாட்டிவிடுவோர் உண்டு. அன்றிரவு எங்கள் கருவியின் அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியை விட்டிறங்கிச் சிவப்பில் நின்றது. அண்ணாச்சி முள் நின்ற இடத்தில் ஒரு மைக்கோடு இட்டு, "ரெண்டு நாள் களிச்சுப் பாருங்க" என்றார். மூன்றாம் நாள் முள் பூச்சியத்தில் கிடந்தது. யாரும் தொடவில்லை. காரணம் இது: கைப்பிடியை ஒருமுறை அழுத்தியதும் வால்வு திறந்து தூள் பாய்கிறது. கைப்பிடியை விட்டதும் வால்வு மூடுகிறது. ஆனால் மூடும் இடத்தில் சில தூள் துகள்கள் சிக்கிக்கொள்கின்றன. அந்த இடுக்கு வழியே நைட்ரஜன் வாயு மெல்லக் கசிந்து போய்விடுகிறது. ஆகவே ஒரே ஒரு விநாடி சோதனைக்காக அழுத்திய கருவியும் பயன்படுத்திய கருவியே; அதையும் முழுமையாகப் பிரித்துத் துலக்கி நிரப்ப வேண்டும். நாங்கள் அக்கருவியைக் கொக்கியில் மாட்டாமல், "காலி" என்று எழுதிய சீட்டைக் கட்டி வீட்டுக்குள் வைத்தோம். மாடிப்படியில் நின்றிருந்தால், அவசரத்தில் ஓடிவருபவர் அதைத்தானே எடுப்பார்?

எங்களிடம் மாவுப் பொட்டலம் நிறுக்கும் தராசு இருந்தது. அது இவ்வளவு பெரிய உதவியாகும் என்று நினைக்கவில்லை. கருவியின் சீட்டில் தூள் 4 கிலோ, முழு எடை 6 கிலோ 400 கிராம் என்று அச்சிட்டிருந்தது. நிறுத்துப் பார்த்தபோது 4 கிலோ 600 கிராம் இருந்தது. அதாவது ஏறத்தாழ 1 கிலோ 800 கிராம் தூள்தான் எங்கள் அடுக்களை முழுவதையும் மூடியிருக்கிறது! இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அருகிலிருந்த கடை ஒன்றில் கருவியைக் கொடுத்தோம்.

ஒரு மணி நேரத்தில் கருவி திரும்பி வந்தது. முள் பச்சைப் பகுதியின் நடுவில் நிமிர்ந்து நின்றது. புதிய ஊசி, புதிய முத்திரை, தேதியிட்ட சீட்டு, எல்லாம் இருந்தன. வீட்டுக்குக் கொணர்ந்து தராசில் வைத்தோம். 4 கிலோ 650 கிராம். அந்தக் கடைக்காரர் வாயுவை மட்டும் அடைத்துக் கொடுத்திருக்கிறார்; தூளில் ஒரு கரண்டியும் சேர்க்கவில்லை. அழுத்தமானி காட்டுவது வாயுவின் அழுத்தத்தையேயன்றி, தூளின் அளவையன்று. உள்ளே தூளே இல்லாத உருளையிலும் வாயுவை அடைத்தால் முள் பச்சையில் நிற்கும். வாயுவின் எடையோ நூறு கிராமுக்கும் குறைவு. ஆதலால் எடை ஒன்றே தூளுக்குச் சாட்சி. கடைக்காரரிடம் சென்று எடையைச் சொன்னதும், அவர் வாதாடவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பலர் நிறுத்துப் பார்ப்பதில்லை என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார் போலும்.

அண்ணாச்சி துணைவர, கண்முன்னே பிரித்து நிரப்பச் சம்மதித்த வேறோர் இடத்துக்குச் சென்றோம். அங்கே நடந்ததை ஒருமுறை பார்த்தவர், எந்தக் கடையிலும் எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்துகொள்வார். பணியாளர் முதலில் உருளையைத் தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியை அழுத்தினார். உள்ளிறங்கும் குழாயின் வாய் அப்பொழுது வாயுவுள்ள பக்கத்தில் இருப்பதால், தூள் வராமல் வாயு மட்டும் சீறி வெளியேறியது. முள் பூச்சியத்துக்கு வந்து, சீற்றமும் நின்ற பிறகே தலைப்பகுதியை மெல்லத் திருகினார். வாயு இருக்கும்போது திருகினால் தலைப்பகுதி குண்டுபோல் பறக்கும். இக்காரணத்தாலேயே வீட்டில் எவரும் இதைப் பிரித்துப் பார்க்கலாகாது.

மிச்சமிருந்த தூளைத் தாளில் கொட்டினார். இடையிடையே கட்டிகள் இருந்தன. அதன்மேல் புதுத்தூளைச் சேர்க்கவில்லை, முழுவதையும் விலக்கிவிட்டார். தூளின் வகை ஒன்றுதானா என்று திட்டமாய்த் தெரியாதபோது கலப்பது தீது. ஏ.பி.சி. தூளும் சோடா வகைத் தூளும் உருளைக்குள் கலந்து, சிறிது ஈரமும் சேர்ந்தால், ஒன்றோடொன்று வினைபுரிந்து கரியமில வாயு உண்டாகும். தூள் கட்டியாகும், உருளையினுள் அழுத்தமும் ஏறும்.

எங்கள் உருளை 2021ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை நீரை நிரப்பி அழுத்திப் பார்க்கும் சோதனைக்கு அதுவே தருணம் என்றார். சோதனை முடிந்தபின் உள்ளே ஒரு துளி ஈரமும் இல்லாதபடி வெப்பக்காற்றால் உலர்த்தி, விளக்கை உள்ளே இறக்கித் துரு உண்டா என்று எங்களுக்கும் காட்டினார். இதற்காகக் கருவி அவர்களிடம் இரண்டு நாள் இருந்தது. அந்த இரு நாட்களுக்கும் வேறொரு கருவியைக் கேட்டு வாங்கி எங்கள் கொக்கியில் மாட்டினோம். கேட்டால் பெரும்பாலோர் கொடுப்பர். கேளாதவர்களுக்கு யாரும் நினைவூட்டுவதில்லை.

மூன்றாம் நாள் சென்றபோது வால்வை முற்றும் பிரித்து வைத்திருந்தனர். உலர்ந்த தூரிகையாலும் காற்றாலும் துலக்கி, ரப்பர் வளையங்களைப் புதிதாய் மாற்றினர். குழாயின் வழியாக ஊதிக் காட்டினர். தராசில் 4 கிலோ தூளை நிறுத்து, புனல் வழியே ஊற்றினர். திருகுமரையில் ஒட்டிய தூளைத் துடைத்தே தலைப்பகுதியைப் பூட்டினர். நைட்ரஜன் உருளையிலிருந்து வாயு ஏற்றி, 15 பார் அழுத்தத்தில் நிறுத்தினர். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சாதாரணக் காற்று ஆகாதோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். அதில் ஈரம் உண்டு. அந்த ஈரமே தூளைக் கட்டியாக்கப் போதும் என்று அண்ணாச்சி விடை சொன்னார். கடைசியில் கழுத்திலும் மானியின் அடியிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்த்தனர். எழவில்லை. எங்கள் தாளை எடுத்து நீட்டினோம். அவர்கள் தராசிலும் வைத்துக் காட்டினர். 6 கிலோ 400 கிராமுக்கு மேல் பத்துக் கிராம் இருந்தது.

இப்பொழுது மாடிப்படிக் கொக்கியின் பக்கத்தில் ஒரு சிறு அட்டை தொங்குகிறது. திங்களின் முதல் ஞாயிறன்று ஆறு வீட்டாரில் ஒருவர், முறை வைத்து, முள் பச்சையில் உள்ளதா, முத்திரை அறாமல் உள்ளதா, குழாயின் வாயில் பூச்சி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுகிறார். ஆறு திங்களுக்கு ஒருமுறை கருவி எங்கள் வீட்டுத் தராசுக்கு வந்து போகிறது. அட்டையின் தலைப்பில் 6 கிலோ 410 கிராம் என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம். அதன் கீழே, அடுத்த நீரழுத்தச் சோதனை 2027 ஜூலை என்று குறித்திருக்கிறோம்.